எத்தனை தடவைதான் பேர் கேப்பீங்க?

காலை 7 மணியிலிருந்து அந்த அம்மாவிடம் மூன்று பேர் பெயர் கேட்டுவிட்டார்கள். வார்டில் ஒரு முறை, ட்ராலியில் ஏற்றும்போது ஒரு முறை, தியேட்டர் வாசலில் நான் ஒரு முறை. மூன்றாவது முறை அவருக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை தடவைதான் பேர் கேப்பீங்க சிஸ்டர்? கையிலதான் பட்டை கட்டி எழுதியிருக்கீங்களே!" என்றார்.

நியாயமான கேள்விதான். இருபது வருடங்களுக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்த எனக்கு இந்தக் கேள்வி பழக்கம். அன்று வேலை அவசரத்தில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். அந்த அம்மாவின் ஒரு நாளை வைத்தே இங்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

அவருக்கு வயது 45. கழுத்தின் வலது பக்கம் தைராய்டில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. தைராய்டு சுரப்பிக்கு வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகள்போல் இடதும் வலதுமாக இரண்டு மடல்கள் உண்டு. அவருக்கு வலது மடலை மட்டும் எடுக்க வேண்டும். தியேட்டரில் அன்றைய லிஸ்டில் முதல் கேஸ் அவர்தான். 9 மணிக்கு உள்ளே எடுப்பதாக ஏற்பாடு.

தியேட்டருக்கு வருகிறவரிடம் "நீங்கதானே லட்சுமி?" என்று நாங்கள் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் பயத்தில் இருப்பவர், காது மந்தமானவர், தூக்க மாத்திரை போட்டவர் எல்லாருமே "ஆமா" என்றுதான் தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்றுதான் கேட்க வேண்டும். பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். பெயர் மட்டுமே போதாது என்பதும் நம் ஊரில் சீக்கிரம் புரிந்துவிடும். ஒரே வார்டில் மூன்று லட்சுமி இருப்பார்கள். வித்தியாசம் இனிஷியலில் மட்டும். வயதைக் கேட்டால் "நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும்" என்பார்கள். கணவர் பெயரைக் கேட்டால் வயதான பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மகளைப் பார்ப்பார்கள். புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் நான் ஊர்ப் பெயரைக் கேட்பேன். பிறகு கைப்பட்டையில் இருக்கும் ஐ.பி. நம்பரைக் கேஸ் ஷீட்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்ப்பேன். "என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்?" என்பது அடுத்த கேள்வி. அவர் கையால் தொட்டுக் காட்ட வேண்டும்.

சாப்பாட்டு விஷயமும் இப்படித்தான். "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று வார்டில் கேட்டிருக்கிறார்கள். "இல்ல" என்று சொல்லியிருக்கிறார். வெறும் வயிறு என்று டிக் போட்டாகிவிட்டது. நான் வேறு மாதிரி கேட்டேன். "காலையில எந்திரிச்சதும் என்ன குடிச்சீங்க?"

"ரெண்டு மடக்கு காபி. அதுவும் அஞ்சரை மணிக்குத்தான்."

"பால் காபியா?"

"பால் இல்லாம என்ன காபி சிஸ்டர்?"

அவர் பொய் சொல்லவில்லை. காபி அவர் கணக்கில் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். எங்கள் கணக்கில் பால் என்பது உணவு. தண்ணீர், பால் சேர்க்காத கட்டங்காப்பி போன்ற தெளிந்த திரவமாக இருந்தால் மயக்கம் கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால், பால் கலந்தது, இட்லி மாதிரி லேசான உணவு என்றால் 6 மணி நேர இடைவெளி வேண்டும். எண்ணெயில் பொரித்தது, கறி என்றால் 8 மணி நேரம். காரணம் எளிது. முழு மயக்கத்தில் இருமலும் விழுங்குதலும் நின்றுபோகும். வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறி வந்தால் தடுக்க ஆளில்லாமல் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். வயிற்றுப் புளிப்போடு சேர்ந்த பால் நுரையீரலுக்குள் போனால் பல நாள் வென்டிலேட்டரில் கிடக்க நேரலாம். உயிரும் போகலாம்.

மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னேன். ஐந்தரையோடு ஆறைக் கூட்டினால் பதினொன்றரை. அந்த அம்மா மூன்றாவது கேஸாகத் தள்ளிப்போனார். வெளியே காத்திருந்த அவருடைய தம்பிக்குக் கோபம். "ரெண்டு மடக்கு காபிக்கா இவ்வளவு அலப்பறை?" என்றார். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நோயாளியை மதியம் வரை காயப்போடுவது நம் மருத்துவமனைகளில் இன்னும் நடக்கிறது. அதுவும் தவறுதான். நாக்கு ஒட்டிக்கொண்ட நோயாளிதான் கடைசியில் யாருக்கும் தெரியாமல் காபி குடிக்கிறார். தண்ணீரை அளவோடு அனுமதித்து, பால் ஏன் கூடாது என்று விளங்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கேட்டுக்கொள்வார்கள். கேஸ் தள்ளிப்போனதும் அவருக்கு அரை டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

கிடைத்த நேரத்தில் மற்றதை நிதானமாகப் பார்த்தோம். பல் செட் இல்லை, ஆடும் பல்லும் இல்லை. தினமும் போடும் பி.பி. மாத்திரையை டாக்டர் சொன்னபடி ஒரு வாய்த் தண்ணீரில் போட்டிருந்தார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. நாட்டு மருந்து உண்டா என்றும் கேட்டேன். இல்லை என்றார். மோதிரம், தோடு, மூக்குத்தி எல்லாம் மகளிடம் போய்விட்டன. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

வயிற்று ஆபரேஷன் என்றால் கயிற்றைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு அப்படியே அனுமதிப்போம். இது கழுத்து. கத்தி வைக்கும் இடத்தில் கயிறு இருக்க முடியாது. "கழட்டணும்மா" என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. இதில் அதட்டிப் பிரயோசனமில்லை. கணவரை வாசலுக்குக் கூப்பிட்டு அவர் கையாலேயே கழற்றி, அந்த அம்மாவின் வலது மணிக்கட்டில் சுற்றிக் கட்டச் சொன்னேன். சலைன் இடது கையில் ஏறப்போவதால் வலது மணிக்கட்டில் இடைஞ்சல் இல்லை. கயிற்றில் உலோகம் இல்லாததால் கரன்ட் வைத்து ரத்தத்தைக் கட்டும் கருவியாலும் பயமில்லை. கழற்றியது, கட்டிய இடம் இரண்டையும் நோட்ஸில் எழுதினேன். இதைக்கூடவா எழுதுவார்கள் என்று கேட்கலாம். மயக்கம் தெளிந்ததும் முதலில் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். அப்போது பக்கத்தில் இருக்கும் நர்ஸ் நானாக இருக்க மாட்டேன்.

நாடித்துடிப்பு 84. பி.பி. 136/84. மூச்சு நிமிடத்துக்கு 16. ஆக்ஸிஜன் அளவு 98. குரல் தெளிவு. குரலை எழுதுவது தைராய்டு கேஸில் முக்கியம். குரல் நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியபடி ஓடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மினால், முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே எதையாவது சொல்ல முடியும்?

சர்ஜன் வந்து, அவர் விழித்து உட்கார்ந்திருக்கும்போதே, கழுத்தின் வலது பக்கம் அழியாத மையில் அம்புக்குறி போட்டார். பெருக்கல் குறி போடக் கூடாது. ஒருவருக்கு அது "இங்கே வெட்டு", இன்னொருவருக்கு அதுவே "இங்கே வேண்டாம்". தைராய்டில் இந்தக் குறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வலது மடலோ இடது மடலோ, வெட்டு விழுவது கழுத்தின் நடுவில், அடி மடிப்பை ஒட்டிக் குறுக்காகத்தான். வெட்டைப் பார்த்துப் பக்கத்தைச் சொல்ல முடியாது. வேறொரு இடத்தில், வேறொரு நாள், முதல் நாள் இரவு தட்டச்சு செய்த தியேட்டர் லிஸ்டில் குடலிறக்கக் கேஸ் ஒன்றுக்கு இடது என்று இருந்தது. கேஸ் ஷீட்டில் வலது. 'ஆர்.டி.', 'எல்.டி.' என்று இரண்டெழுத்தில் சுருக்கி எழுதும் பழக்கத்தால் வந்த வினை. நோயாளி கையால் தொட்டுக் காட்டியதால் பிழைத்தோம். அன்றிலிருந்து நான் 'வலது', 'இடது' என்று முழுதாகத்தான் எழுதுவேன்.

பன்னிரண்டே கால் மணிக்கு உள்ளே எடுத்தோம்.

தியேட்டருக்குள் எங்களிடம் ஒரு தாள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டே தலைமையில் உருவானது. ஒரே பக்கம், 19 விஷயங்கள். மூன்று இடத்தில் நின்று படிக்க வேண்டும்: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே எடுக்கும் முன். டெல்லி, லண்டன், டொரன்டோ, மணிலா, தான்சானியாவின் இஃபகாரா என எட்டு ஊர்களில், எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2009 ஜனவரியில் வந்தது. ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆக இறங்கியிருந்தது. பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகக் குறைந்திருந்தன.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது பாதிக் கதை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியலைக் கொண்டுவந்துவிட்டு, முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். 2014-ல் வெளியான அந்த முடிவில் மரணம் 0.71-லிருந்து 0.65. குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசமில்லை. தாள் ஒன்றுதான், பலன் ஏன் வேறு? அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தது ஒன்று. நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே மூன்று பகுதியும் டிக் போட்டு, கையெழுத்தும் வாங்கி, ஃபைலில் சொருகிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பகுதியில் பஞ்சுத் துணி எண்ணிக்கை சரி என்று டிக் இருக்கும். ஒரு துணியும் அப்போது பிரித்திருக்க மாட்டார்கள்.

அந்த அம்மாவின் கேஸில் நான் வாய்விட்டுப் படித்தேன். அவர் விழித்திருக்கும்போதே மறுபடியும் பெயர், பக்கம். நான்காவது தடவை. விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் மீட்டர் வேலை செய்கிறதா? மருந்து ஒவ்வாமை உண்டா? மூச்சுக்குழாய் போடுவது சிரமமாக இருக்குமா? இந்தக் கேள்விக்கு "இருக்கலாம்" என்றார் மயக்க மருந்து டாக்டர். கட்டி மூச்சுக்குழலை இடது பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அதனால் ஒரு சுற்று சிறிய டியூபும், வளைக்கும் கம்பியும், வீடியோ கருவியும் கையெட்டும் தூரத்தில் வைத்தோம். டியூப் எந்தச் சிரமமும் இல்லாமல் இறங்கியது. எடுத்துவைத்த எதுவும் தேவைப்படவில்லை.

கத்தி வைக்கும் முன் இரண்டாவது நிறுத்தம். எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவரவர் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்கிறது பட்டியல். தினம் முகம் பார்க்கிறவர்களிடம் பெயரைச் சொல்வது நம் தியேட்டர்களில் கூச்சமாகத்தான் இருக்கிறது. சர்ஜன் "சார்". அவரிடம் பயிற்சி நர்ஸ் தன் பெயரைச் சொல்வதாவது? ஆனால் ஒரு முறை வாய் திறந்து பேசியவள்தான் அரை மணி கழித்து "சார், ஒண்ணு குறையுது" என்றும் சொல்லுவாள். அதற்கும் அன்றே வேலை வந்தது.

சர்ஜன் "வலது மடல், ஒன்றரை மணி நேரம், ரத்தம் அதிகம் போகாது" என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டை எதிரே மாட்டிப் பக்கத்தை ஒத்துப் பார்த்தோம். "ஆன்டிபயாட்டிக் கடந்த 60 நிமிடத்துக்குள் போட்டாச்சா?" என்று கேட்டேன். கத்தி படும் நேரத்தில் மருந்து சதைக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த 60 நிமிடக் கணக்கு. "இது சுத்தமான கழுத்து ஆபரேஷன், தேவையில்லை" என்றார். அதுவும் முழுமையான பதில்தான். எல்லாவற்றுக்கும் "ஆமா" வாங்குவது பட்டியலின் நோக்கமல்ல.

தைராய்டு ஆபரேஷனில் 'பீனட்' என்று ஒன்று பயன்படுத்துவார்கள். பெயருக்கேற்ப வேர்க்கடலை அளவுக்கு இறுக்கிச் சுருட்டிய துணி உருண்டை. இடுக்கி முனையில் பிடித்து, ஒட்டியிருக்கும் திசுக்களை மெல்ல ஒதுக்குவதற்கு. ரத்தத்தில் நனைந்துவிட்டால் சதைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. அன்று ஐந்து பிரித்தோம், போர்டில் 5 என்று எழுதினேன். தைக்கத் தொடங்கும் முன் எண்ணினோம். கருவி மேஜையில் கையுறையோடு நின்ற பயிற்சி நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி வாய்விட்டு எண்ணினாள், நானும் கூடவே எண்ணினேன். நான்கு.

"சார், ஒண்ணு குறையுது."

சர்ஜன் ஊசியைக் கீழே வைத்தார். காயத்தை மறுபடி திறந்து விரலால் தேடினார். நாங்கள் மேஜை, துணி மடிப்பு, குப்பை வாளி, தரை என்று தேடினோம். ஆறு நிமிடம் ஆனது. உதவி டாக்டரின் செருப்பு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த ஐந்தாவது. கிடைக்காமல் போயிருந்தால் மேஜையிலேயே எக்ஸ்ரே எடுப்போம். தியேட்டர் துணிகளுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று ஓடுவது இதற்காகத்தான். உள்ளே விட்டுத் தைத்த துணிக்கு மருத்துவத்தில் 'கோசிபிபோமா' என்று தனிப்பெயரே இருக்கிறது. பருத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லும், ஒளித்து வைக்கும் இடம் என்ற பொருளில் ஒரு சுவாஹிலிச் சொல்லும் சேர்ந்தது என்பார்கள். அப்படிப் பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்ட கேஸ்களில் பெரும்பாலானவற்றின் தாளில் "எண்ணிக்கை சரி" என்றே எழுதியிருக்கும். ஒருவர் மனக்கணக்கில் எண்ணி மற்றவர் எழுதிக்கொள்வதால் வருவது அது.

எடுத்த மடலை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, பெயர், நம்பர், 'வலது தைராய்டு மடல்' என்று பாட்டிலின் உடம்பில் ஒட்டினோம். மூடியில் ஒட்டினால், லேபில் இரண்டு பாட்டிலை ஒன்றாகத் திறக்கும்போது மூடி மாறிவிடும், ஒருவர் கட்டி இன்னொருவர் பெயரில் போய்ச் சேரும்.

டியூப் எடுக்கும்போது அவர் பலமாக இருமினார். நான்கைந்து இருமல். அதையும் எழுதிவைத்தேன்.

பிற்பகல் 2.40-க்கு ரிக்கவரி அறை. அங்கே வயரை மாட்டுவதற்கு முன்பே நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். மார்பு ஏறி இறங்குகிறதா? மூக்கருகே கை வைத்தால் காற்று படுகிறதா? குறட்டைச் சத்தம் வந்தால் நாக்கு பின்னால் சரிந்திருக்கிறது, தாடையை முன்னுக்குத் தூக்கினால் சரியாகும். சத்தமே இல்லாமல், மார்பு உள்வாங்கி வயிறு மட்டும் எம்பினால் மூச்சுப்பாதை முழுதாக அடைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அமைதியாகத் தூங்குவதுபோல் இருக்கும். அதுதான் ஆபத்து.

"உங்க பேர் என்னம்மா?"

ஐந்தாவது தடவை. கரகரத்த குரலில் பெயரைச் சொன்னார். கை மணிக்கட்டைத் தேடிக் கயிற்றைத் தொட்டது. அந்த ஒரு பதிலில் எனக்கு நான்கு விஷயம் கிடைத்தது. நினைவு வந்துவிட்டது, மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, பேச மூச்சு போதுகிறது, குரல் நாண் அசைகிறது. தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, முகமூடியில் ஆக்ஸிஜன் வைத்தோம். நாடித்துடிப்பு 86, பி.பி. 134/82, மூச்சு 16, ஆக்ஸிஜன் 98. முதல் கால் மணிக்கு ஐந்து நிமிடத்துக்கொரு முறையும், பிறகு கால் மணிக்கொரு முறையும் எழுதுவது வழக்கம்.

ரிக்கவரி அறையிலிருந்து வார்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க 'ஆல்ட்ரெட்டி' மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. 1970-ல் வந்தது. கைகால் அசைவு, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, தோலின் நிறம் என்று ஐந்துக்கும் தலா 2. நிறத்துக்குப் பதில் ஆக்ஸிஜன் அளவைப் பின்னாளில் சேர்த்துக்கொண்டார்கள். 9 வந்தால் அனுப்பலாம். 3.10 மணிக்கு அந்த அம்மாவுக்கு 9 வந்தது. வார்டிலிருந்து ஆள் வந்து ட்ராலியோடு நின்றார்.

நான் அனுப்பவில்லை. நாடி 86-லிருந்து 98 ஆகியிருந்தது, மூச்சு 20. இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத எண்கள். வலி இருந்தாலும் அப்படி ஏறும். ஆனால் தாளில் வரிசையாகப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம் நடந்துகொண்டிருந்தன. ஆல்ட்ரெட்டி மதிப்பெண்ணில் கழுத்துக்கு இடமில்லை. முழங்கால் ஆபரேஷனுக்கும் தைராய்டுக்கும் அதில் ஒரே கேள்விதான்.

3.20-க்கு முகமூடியைப் பிடுங்கிப் போட்டார். எழுந்து உட்காரப் பார்த்தார். "யாரோ தொண்டையைப் புடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். குரல் வாய்க்குள் உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டு பேசுவதுபோல் மங்கியிருந்தது. ஒரு நிமிடம் முழுதாகக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன், 26. நாடி 112, பி.பி. 152/94. மானிட்டரில் ஆக்ஸிஜன் அப்போதும் 98.

அந்த 98 பலரை ஏமாற்றும். கூடுதல் ஆக்ஸிஜன் ஓடும்போது, மூச்சுப்பாதை முக்கால்வாசி நெரியும் வரைகூட அந்த எண் இறங்காது. இறங்கத் தொடங்கிய பிறகு கையில் இருப்பது சில நிமிடங்கள். கழுத்திலிருந்த ட்ரெய்ன் குழாயும் அப்படித்தான். அதில் 15 மில்லி மட்டும் இருந்தது. உள்ளே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிட்டால் வெளியே ஒன்றும் வராது. கட்டு நனையவே இல்லை. கட்டைப் பிரித்துத் தொட்டேன். வலது பக்கம் கல்போல் இறுகி வீங்கியிருந்தது.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த இளைய நர்ஸ், "ரெஸ்ட்லெஸ்ஸா இருக்காங்க அக்கா, வலி ஊசி போட்டுறலாமா?" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ரிக்கவரியில் புரளுகிற நோயாளிக்குப் பெரும்பாலும் வலிதான், அல்லது முட்டிய சிறுநீர். ஆனால் இவருக்கு அந்த ஊசி போட்டிருந்தால் மூச்சுக்காக அவர் போராடிய போராட்டமும் அடங்கியிருக்கும்.

வயிற்று ஆபரேஷனுக்குப் பின் உள்ளே ரத்தம் கசிந்தால் வேறு மாதிரி தெரியும். நாடி ஏறும், கைகால் குளிரும், சிறுநீர் குறையும், பி.பி. நீண்ட நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில் விழும். கழுத்தில் பி.பி. விழக் காத்திருக்கக் கூடாது. இங்கே ஆபத்து போன ரத்தத்தின் அளவில் இல்லை. ஒரு சின்ன டம்ளர் ரத்தம் இறுக்கமான இடத்தில் தேங்கி, குரல்வளையிலிருந்து திரும்பும் சிரைகளை நசுக்கி, குரல்வளையின் உள்சுவரை வீங்கவைக்கிறது. வீங்கிய பிறகு டியூப் போட வாசலே தெரியாது. தைராய்டு ஆபரேஷன் ஆனவர்களில் 100-க்கு ஒன்றிரண்டு பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரத்தில். மீதியில் பெரும்பாலானவை, முதல் ஒரு நாளுக்குள்.

உட்கார வைத்தேன், ஆக்ஸிஜனை முழுதாகத் திறந்தேன், சத்தம் போட்டு சர்ஜனையும் மயக்க மருந்து டாக்டரையும் கூப்பிட்டேன். தலைமாட்டில் ஒரு தட்டு இருந்தது. தையல் வெட்டும் கத்தரி, இரண்டு இடுக்கி, கையுறை, துணி. தைராய்டு கேஸ் எங்கே போனாலும் கூடவே போகும் தட்டு அது. சர்ஜன் கட்டிலிலேயே, முதலில் தோல் தையலையும் பிறகு உள்தசைத் தையலையும் வெட்டித் திறந்தார். ஈரல் துண்டுபோல் உறைந்த ரத்தம் பிதுங்கி வந்தது. அந்த அம்மா ஒரு நீண்ட மூச்சை இழுத்தார். அறையில் எல்லாருக்கும் கேட்டது. தட்டைத் திறந்ததிலிருந்து அந்த மூச்சு வரை மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

காயத்தில் துணியை வைத்து அப்படியே தியேட்டருக்கு ஓடினோம். இருமலில் கட்டு விட்டுப்போன சிறிய சிரை ஒன்று கசிந்துகொண்டிருந்தது. மறுபடி கட்டினார்கள். இரண்டாவது முறையும் பட்டியலைப் படித்தோம். அவரால் பேச முடியாததால், கைப்பட்டையில் இருந்த பெயரையும் நம்பரையும் நான் உரக்கப் படித்தேன். துணிகளை முதலிலிருந்து எண்ணினோம், கட்டிலில் வைத்த துணியையும் சேர்த்து.

மறுநாள் வார்டில் போய்ப் பார்த்தேன். கயிறு இன்னும் மணிக்கட்டில்தான் இருந்தது, கழுத்தில் கட்டுப் பிரித்த பிறகுதான் ஏறும். தலைமாட்டில் அந்தக் கத்தரித் தட்டும் இருந்தது. "உங்க பேர் என்னம்மா?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார். குரல் தெளிவாக இருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது தைராய்டு ஆபரேஷன் நடந்தால் முதல் நாள் ராத்திரி பக்கத்தில் விழித்திருங்கள். கழுத்து வீங்கினாலோ, குரல் மங்கினாலோ, "தொண்டையைப் புடிக்குது" என்று சொன்னாலோ, மானிட்டரில் எண் நன்றாக இருக்கிறதே, தூங்கினால் சரியாகும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த நிமிடமே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். காலையில் காபி குடித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.